காசு என்ற சொல்லின் கடைசி உகரம்: பேச்சுப் பதிவில் இரைச்சல் நீக்கும் கேள்வி

பேச்சோடு சேர்ந்து பதிவாகிவிட்ட இரைச்சலைப் பேச்சுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியுமா? தொலைபேசிப் பொறியாளர்களும் வானொலிக்காரர்களும் நாடாப் பதிவுக் கருவி செய்தவர்களும் நெடுங்காலமாக இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒலிக்கூடங்களுக்குள் மட்டுமே இருந்த கேள்வி இது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டானன்பர்க்கும் 1999இல் தொடங்கிய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000ஆம் ஆண்டில் பொதுவெளிக்கு வந்தபின், மடிக்கணினி வைத்திருக்கும் எவருக்கும் உரிய கேள்வியாகிவிட்டது.

புதுவை வட்டாரத்தில் இதற்குத் தனி அவசரம் உண்டு. கி. ராஜநாராயணன் 1989இல் புதுச்சேரிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் பணியை ஏற்று, இந்த வட்டாரத்துக் கதைகளை மக்கள் வாயிலிருந்தே திரட்டினார். அத்தகைய பணியின் உயிர் சொல்லும் விதத்தில் இருக்கிறது. சொல் எப்படி இழுபடுகிறது, எங்கே தேய்கிறது, எந்த எழுத்து பாதியாக ஒலிக்கிறது என்பதெல்லாம்தான் அங்கே தரவு. இரைச்சலை நீக்கும் கருவி முதலில் கைவைப்பதும் இந்தத் தேய்ந்த ஒலிகளின் மேல்தான். ஆகவே வெவ்வேறு தரப்புகளை இங்கே எடைபோடும்போது, பதிவு எவ்வளவு அமைதியாகக் கேட்கிறது என்பதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. சொல்லின் ஓரம் எவ்வளவு தப்பிப் பிழைக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் அளவுகோல்.

## உறுமல் வேறு, சீறல் வேறு

பேச்சுக்கு வசதியாக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையை ஒட்டிய ஒரு வீடு. முதியவர் ஒருவர் வீராம்பட்டினத்தில் கட்டுமரம் ஏறிய காலத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறார். ஒரு மீட்டர் தள்ளி மேசை மேல் மைக். மைக் செருகிய மடிக்கணினி சார்ஜரில் இருக்கிறது. மேலே மின்விசிறி ஓடுகிறது. பதிவைப் போட்டுக் கேட்டால் பேச்சுக்கு அடியில் இரண்டு ஒலிகள் தெரிகின்றன: ஒன்று அடித்தொண்டையில் உறுமுவது போல, இன்னொன்று தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல.

முதலாவது, ஒலிப்பதிவுக்காரர்கள் ஹம் என்று சொல்லும் மின் உறுமல். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸ்களும் கம்பி வழியாகவும் சார்ஜர் வழியாகவும் பதிவில் ஏறிவிடுகின்றன. இது அலைவரிசையில் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஆணி அடித்தாற்போல் நிற்கும். இரண்டாவது, ஹிஸ் என்னும் சீறல். மைக்கின் மின்சுற்றிலும் பழைய நாடாவின் காந்தத் துகள்களிலும் பிறக்கும் இது, எல்லா அலைவரிசையிலும் மாவு தூவினாற்போல் பரவிக் கிடக்கும்.

இந்த வேறுபாட்டைக் காதால் மட்டும் அல்லாமல் கண்ணாலும் பார்க்கலாம். பேச்சில்லாத சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியின் Analyze பட்டியலில் Plot Spectrum திறந்து, Size என்பதை 16384 ஆக்கினால் உறுமல் கூரிய முனைகளாகவும் சீறல் தட்டையான மேடாகவும் தெரியும். Size சிறியதாக இருந்தால் 50உம் அதன் அக்கம்பக்கமும் ஒரே மேடாகக் கலந்துவிடும். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கொடுப்பதே இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை.

## வருமுன் காக்கச் சொல்வோர்

மிகப் பழைய தரப்பு இது: இரைச்சலை நீக்காதே, நுழையவிடாதே. இதன் புகழ்பெற்ற வடிவம் 1960களில் ரே டால்பி கொண்டுவந்த முறை. நாடாவில் பதியும்போதே மெல்லிய மேல்சுர ஒலிகளைத் தூக்கிப் பதிவது, திரும்ப ஒலிக்கும்போது அதே அளவு இறக்குவது. இறக்கும்போது நாடாவின் சீறலும் கூடவே இறங்கிவிடும். அழகான யோசனைதான். ஆனால் பதிவுக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பதால், ஏற்கெனவே கையில் இருக்கும் பதிவுக்கு இது உதவாது. டால்பி முத்திரையுடன் பதிவான பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது, கேசட் கருவியில் அந்தப் பொத்தானை அழுத்தி ஓட்ட வேண்டும் என்ற ஒரு பாடம் மட்டும் இன்றும் செல்லும். அழுத்தாமல் விட்டால் சீறல் தூக்கலாகப் பதிவாகும். அதைப் பிறகு மென்பொருளால் துரத்துவது வீண் வேலை.

இன்றைய வடிவம் எளிமையானது. நம் எடுத்துக்காட்டில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் உறுமலின் பெரும்பகுதி அங்கேயே போய்விட வாய்ப்புண்டு. மைக்கை ஒரு மீட்டரிலிருந்து கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் பேச்சின் நேரடி ஒலி ஏறத்தாழ 12 டெசிபெல் கூடும். சூழல் இரைச்சல் கூடாது. மென்பொருளில் 12 டெசிபெல் குறைப்பது கனத்த தலையீடு. அதையே இரண்டரை அடி நகர்த்தலில், ஓர் எழுத்தும் சிதையாமல் பெற முடிகிறது. மே மாத வெயிலில் எண்பது வயதுக்காரரின் தலைக்கு மேலுள்ள விசிறியை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. மைக்கை நெருக்கமாக வைப்பதில் யாருக்கும் சிரமமில்லை.

இந்தத் தரப்பின் பலவீனம் வெளிப்படை. பேசியவர் மறைந்திருக்கலாம், அல்லது அந்தக் கதையை இரண்டாம் முறை அப்படிச் சொல்லமாட்டார். அங்கிருந்துதான் மற்றத் தரப்புகள் தொடங்குகின்றன.

## வடிகட்டிக்காரர்கள்

உறுமல் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நிற்பதால், அந்த இடங்களை மட்டும் அரிந்து எடுத்தால் போதும் என்பது இவர்கள் வாதம். ஆடாசிட்டியில் இதற்கென Notch Filter இருக்கிறது. அதைத் திறந்ததும் பெட்டியில் 60 என்ற எண் நிற்கும். அமெரிக்க மின்சாரத்தின் கணக்கு அது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலச் செய்முறைகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 50தான். 60ஐ அப்படியே விட்டு இயக்கினால் உறுமல் முழுதாகப் போகாது, குரலின் அடிப்பகுதியும் மெலியும்.

அடுத்த எண் Q. அரியும் பட்டையின் அகலத்தை அது முடிவு செய்கிறது: அலைவரிசையை Q ஆல் வகுத்தால் அகலம். பெட்டியில் முதலில் இருக்கும் Q = 1 என்பது 50 ஹெர்ட்ஸில் 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெட்டும்; அது கத்தியல்ல, மண்வெட்டி. ஒவ்வொரு மடங்கிலும் 4 ஹெர்ட்ஸ் அகலம் மட்டும் வெட்ட வேண்டுமென்றால் மடங்கு ஏற ஏற Q உம் ஏற வேண்டும். ஆறு முறை பெட்டியைத் திறப்பதற்குப் பதிலாக, ஒற்றைத் தடப் பதிவைத் தேர்ந்தெடுத்து Tools பட்டியலில் உள்ள Nyquist Prompt இல் இதை இட்டு ஓட்டலாம்:

```
(let ((y *track*))
  (dolist (f '(50 100 150 200 250 300))
    (setf y (notch2 y f (/ f 4.0))))
  y)
```

ஏன் 4 ஹெர்ட்ஸ், ஏன் இன்னும் குறுகலாக வேண்டாம்? இரண்டு காரணங்கள். மின்கட்டத்தின் அலைவரிசை 50இல் அசையாமல் நிற்பதில்லை. சுமைக்கேற்பச் சற்றே ஏறி இறங்கும். அந்த அசைவு மடங்குகளில் பெருகும்: அடியில் 0.1 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் 300 ஹெர்ட்ஸில் 0.6 நகரும். வெட்டு மிகக் குறுகலானால் உறுமல் அதிலிருந்து நழுவிவிடும். இரண்டாவது, வடிகட்டி குறுகக் குறுக அது மணி அடித்தாற்போல் நீடித்து அதிரும். 4 ஹெர்ட்ஸ் அகலத்திலேயே அந்த அதிர்வு அடங்க நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரம் பிடிக்கும்.

100, 150 ஹெர்ட்ஸ்களில் வெட்டினால் ஆண்குரல் பாழாகாதா என்பது பழைய ஆட்சேபம். ஆண்குரலின் அடிச்சுருதி அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பழைய தொலைபேசி 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அடிச்சுருதி வராமலேயே அப்பாவின் குரலை அப்பாவின் குரலாகத்தான் கேட்டோம். மேலுள்ள மடங்குகளிலிருந்து அடிச்சுருதியைக் காது தானே கட்டிக்கொள்கிறது. எனவே குறுகிய வெட்டுகளை அஞ்ச வேண்டியதில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை High-Pass Filter கொண்டு நீக்குவதையும் பேச்சைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டியதில்லை. அங்கே பேச்சு என்று எதுவும் பெரிதாக இல்லை.

வடிகட்டியின் உண்மையான எல்லை வேறு. சார்ஜரிலிருந்து வருவது மென்மையான உறுமலாக இல்லாமல் கரகரத்த ரீங்காரமாக இருந்தால், மடங்குகள் ஆயிரங்களைத் தாண்டி நீளும். அத்தனையையும் வெட்டினால் குரல் தகரக் குழாய்க்குள் பேசுவது போலாகும். சீறலின் முன் இந்த முறை நிற்கவே நிற்காது, ஏனென்றால் எல்லா இடத்திலும் இருப்பதை எந்த இடத்தில் வெட்டுவது?

## மாதிரி காட்டிக் குறைப்போர்

பேச்சில்லாத இடத்தில் இரைச்சல் எப்படியிருக்கிறது என்று அளந்து, அந்த அளவை எல்லா இடத்திலும் கழித்துவிடலாம் என்ற எண்ணத்துக்குப் பேர்சொல்லும் வடிவம் கொடுத்தவர் ஸ்டீவன் போல். 1979இல் வெளிவந்த அவருடைய ஆய்வுரை இத்துறையின் அடிக்கற்களில் ஒன்று. அதன் குறையும் உடனே தெரிந்துவிட்டது. இரைச்சல் சீராக இருப்பதில்லை. கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். சராசரியைக் கழித்தால், சராசரியைத் தாண்டிய துணுக்குகள் மட்டும் மிஞ்சி, தண்ணீருக்கடியில் சிறு மணிகள் கிணுகிணுப்பது போல ஒலிக்கும். ஆங்கிலத்தில் இதற்கு இசை இரைச்சல் என்று பெயர். அதே 1979இல் பெரூட்டி குழுவினர் ஒரு மருந்து சொன்னார்கள்: இரைச்சலை முற்றிலும் துடைக்காதே, கொஞ்சம் அடித்தளமாக விட்டுவை. அந்த மெல்லிய பாய்விரிப்பில் கிணுகிணுப்பு மறைந்துவிடும். இந்த அறிவுரை இன்றும் பழுதாகவில்லை.

ஆடாசிட்டியின் Noise Reduction இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கழிப்பதற்குப் பதிலாகக் கதவு போடுகிறது. ஒலியை மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒலி இரைச்சலின் அளவிலேயே இருந்தால் அந்தக் கதவைச் சாத்துகிறது, மேலே எழுந்தால் திறக்கிறது. உறுமலை வெட்டிய பிறகு, பேச்சில்லாத ஒன்றிரண்டு நொடிகளைத் தேர்ந்து Get Noise Profile அழுத்த வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து அதே பெட்டியை மறுபடி திறந்து மூன்று எண்களை அமைக்க வேண்டும். Noise reduction என்பது சாத்திய கதவு எவ்வளவு அடக்கும் என்பது. பேச்சுக்கு 6 முதல் 9 டெசிபெல் போதுமானது. Sensitivity என்பது எதை இரைச்சல் என்று சந்தேகிப்பது. ஏற்ற ஏற்ற மெல்லிய பேச்சும் சந்தேகத்துக்குள்ளாகும். Frequency smoothing என்பது கதவின் முடிவை அண்டைப் பட்டைகளுக்கும் பகிர்வது. கிணுகிணுப்பைக் குறைக்கும், ஆனால் அதிகமானால் பேச்சை மழுங்கடிக்கும்.

அதே பெட்டியில் Residue என்றொரு தேர்வு இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. இந்த மென்பொருளில் மிக நேர்மையான பொத்தான் அதுதான் என்பது என் மதிப்பீடு. அதைத் தேர்ந்து Preview அழுத்தினால், எது மிஞ்சும் என்பதற்குப் பதிலாக எது வெளியே எறியப்படுகிறது என்பது கேட்கும். அந்தக் குப்பையில் சீறல் மட்டும் கேட்டால் சரி. சொற்களின் முணுமுணுப்பு கேட்டால், பேச்சே வெளியே போகிறது என்று பொருள். எண்களை இறக்க வேண்டும்.

இந்த முறை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: மாதிரி எடுத்த நொடியில் இருந்த இரைச்சலே பதிவு முழுதும் இருக்கிறது. எங்கள் கடலோரத்தில் அந்த நம்பிக்கை எளிதில் உடையும். வீராம்பட்டினம் மணலில் அமர்ந்து பதிந்தால் அலை வரும்போது ஓர் இரைச்சல், வடியும்போது வேறு இரைச்சல். எந்த நொடியை மாதிரியாகக் காட்டினாலும் மற்ற நொடிக்கு அது பொய். கைபேசிப் பதிவில் இன்னொரு சிக்கல். பல கைபேசிகள் பேச்சு நின்றதும் ஒலியளவைத் தாமாகவே ஏற்றும். இடைவெளியில் இரைச்சல் பொங்கும். பேச்சு தொடங்கியதும் அடங்கும். பொங்கிய இரைச்சலை மாதிரியாக எடுத்தால், பேச்சுக்கு அடியில் இருப்பதைவிடப் பெரிய எதிரியைக் கருவிக்குக் காட்டிவிடுகிறோம். அலைவடிவத்தைப் பார்த்து, இடைவெளியின் தொடக்கத்தில், பொங்குவதற்கு முன்னுள்ள பகுதியை எடுப்பது ஓரளவு உதவும்.

## ‘காசு’ என்ற சொல்லுக்கு நேர்வது

முதியவர் “அப்பல்லாம் காசு ஏது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவு முறை இந்த ஒரு சொல்லில் என்ன செய்கிறது என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

கா என்ற நெடில் வலுவானது. எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும். அடுத்து வரும் ச, பேச்சில் ஸகரச் சாயலோடு ஒலிக்கிறது. இயல்பிலேயே அது ஒரு சீறல். அதன் வலு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. பல் உதிர்ந்த வாயில் அதுவும் மெலிந்திருக்கும். மைக்கின் சீறலும் அங்கேதான் கிடக்கிறது. கருவிக்கு இரண்டையும் பிரிக்க ஒலியளவைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு வரும் உகரம், குற்றியலுகரம். ஒரு மாத்திரை அளவில்லாமல் அரை மாத்திரையாகக் குறைந்தொலிப்பது என்று இலக்கணம் வகுத்த அதே ஒலி. இதழ் குவியாமல், சில வேளைகளில் வெறும் மூச்சாகவே முடிவது.

ஆடாசிட்டி 44100 மாதிரி வேகத்தில் 2048 மாதிரிகள் கொண்ட சன்னலில் அளந்தால், ஒரு சன்னலின் நீளம் சுமார் 46 மில்லிநொடி. வேகமான பேச்சில் அந்த உகரம் அப்படிப்பட்ட ஒன்றிரண்டு சன்னல்களுக்குள் முடிந்துவிடக்கூடும். எண்களை மிகையாக ஏற்றியிருந்தால் கதவு அதற்குள் சாத்திவிடும். மிஞ்சுவது “காஸ்”. கேட்பவர் பழக்கத்தால் காசு என்றே புரிந்துகொள்வார். ஆனால் வட்டார வழக்கை ஆராய்பவர், இவர் உகரத்தை விழுங்கிப் பேசுகிறார் என்று எழுதிவைத்துவிடலாம். பேசியவர் செய்யாத ஒன்றை மென்பொருள் அவர் பெயரில் செய்துவிடுகிறது.

ழ, ள, ல வேறுபாட்டுக்கும் இதே ஆபத்து இருக்கக்கூடும். ழகரத்தை அடையாளம் காட்டும் குறிகளில் ஒன்று, குரல்வழியின் மூன்றாம் ஒத்ததிர்வு இறங்கி வருவது. அது முதலிரண்டைவிட மெலிந்தது. மெலிந்ததை முதலில் அடக்குவதே கருவியின் இயல்பு. ஆகவே காசு, பாட்டு, வீடு, வாழை, வாளி போன்ற சொற்கள் வரும் இடங்களைக் குறித்துவைத்து, நீக்குவதற்கு முன்னும் பின்னும் காதொலிப்பானில் ஒப்பிட்டுக் கேட்பது தமிழ்ப் பதிவுக்குப் பொருத்தமான சோதனை. 12 டெசிபெல்லில் உகரம் தேய்ந்தால் 6க்கு இறங்கலாம். அப்போதும் தேய்ந்தால் முதலில் Sensitivity எண்ணைக் குறைக்க வேண்டும்.

## பயிற்றப்பட்ட வலைகள்

மாறிக்கொண்டே இருக்கும் இரைச்சலுக்கு விடையாக வந்தது நான்காம் தரப்பு. ஏராளமான பேச்சையும் இரைச்சலையும் கேட்டுப் பழகிய கணினி வலை, மாதிரி கேட்காமலேயே பிரிக்கிறது. 2017இல் ழான்-மார்க் வாலன் வெளியிட்ட ஆர்என்நாய்ஸ் இலவசமாகக் கிடைத்த முன்னோடிகளில் ஒன்று. இத்தகைய செருகுநிரல்களை ஆடாசிட்டியிலும் சேர்க்க முடிகிறது. கடல் அலைக்கும் வாகனச் சத்தத்துக்கும் இவை கதவு முறையைவிட நன்றாக ஈடுகொடுக்கக்கூடும். ஆனால் வலை எந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததோ அதையே பேச்சு என்று கருதும். பல்லில்லாத வாயின் மூச்சொலியை அது எந்தப் பக்கத்தில் சேர்க்கும் என்பதை முன்கூட்டி அறிய Residue போன்ற எளிய சாளரம் இவற்றில் பெரும்பாலும் இல்லை.

## தொடாதே என்போர்

ஆவணக் காப்பகத்தாரின் நிலை கண்டிப்பானது. ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டிகள், மூலத்தை உள்ளபடியே, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் மாற்றிக் காக்கச் சொல்கின்றன. சுத்தம் செய்வதெல்லாம் படியில்தான். இன்று இரைச்சல் என்று எறிவது நாளை ஒருவருக்குத் தகவலாகலாம் என்பது இவர்கள் வாதம். பின்னணியில் கேட்கும் கட்டுமரக்காரர்களின் கூவல் அப்படிப்பட்டதுதான். இதற்கு எதிராகச் சொல்லப்படுவது நடைமுறை சார்ந்தது: உறுமலோடு இருபது நிமிடம் கேட்க ஊர்க்காரர்கள் அமரமாட்டார்கள். இரண்டும் மோத வேண்டியதில்லை. காப்பது ஒன்று, கேட்கத் தருவது இன்னொன்று என்று பிரித்தால் வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

## தீராத பகுதி

எவ்வளவு நீக்கினால் நல்லது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. யீ ஹுவும் பிலிப்போஸ் லொய்சூவும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு இரைச்சல் நீக்க முறைகளை நாற்பது பேரைக் கேட்கவைத்துச் சோதித்தார்கள். பெரும்பாலான சூழல்களில் அந்த முறைகள் எதுவும் சொற்கள் புரிவதைக் கூட்டவில்லை. கேட்க இதமாவதும் நன்றாகப் புரிவதும் இரு வேறு காரியங்கள் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் சோதிக்கப்பட்டது ஆங்கிலப் பேச்சு. சொல்லிறுதியில் குறைந்தொலிக்கும் உகரமும் மூவகை லகரமும் கொண்ட ஒரு மொழிக்கு அந்த முடிவை அப்படியே பெயர்த்துவிட முடியாது. நம் மொழியில் இழப்பு அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம் என்பது ஒலியின் இயல்பை வைத்துச் செய்யும் ஊகம். கேட்பவர்களை வைத்துச் சோதித்தே உறுதி செய்ய வேண்டும்.

இப்போதைக்குச் சொல்லத்தக்க தீர்ப்பு இதுதான். உறுமலுக்குக் குறுகிய வெட்டுகள் ஏறத்தாழ இழப்பில்லாத மருத்துவம், தயங்காமல் செய்யலாம். சீறலுக்கு 6 டெசிபெல் அளவில் நிறுத்துவது நல்லது. மெல்லிய சீறல் மிஞ்சுவது குற்றமல்ல. அலையோசைக்கு, ஒலித்திருத்தத்தைவிட மைக்கின் இடம்தான் மருந்து.

பெரியவர் ஒருவரின் பேச்சை இப்படித் திருத்திக் குடும்பத்துக்கோ நூலகத்துக்கோ கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திருத்திய கோப்போடு, திருத்தாத வேவ் கோப்பையும், வெட்டிய அலைவரிசைகளையும், போட்ட மூன்று எண்களையும் ஒரு சிறு குறிப்பாக எழுதிச் சேர்த்தே கொடுங்கள்.